பச்சை இலைக் கணக்கு யார் பெட்டியில்? கிளவுட் ஈ.ஆர்.பி.யை விட்டு வெளியேறும் உரிமை

2025 ஜூலை 18 அன்று ஐரோப்பிய ஒன்றியம், குஜராத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்தின் மீது தடை விதித்தது. சில நாட்களிலேயே அந்நிறுவனத்துக்கான மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. கட்டணம் முழுவதையும் செலுத்திவிட்டோம், எங்கள் தரவையே எங்களால் பார்க்க முடியவில்லை என்று நயாரா தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதன்பின் விரைவிலேயே சேவை திரும்பியது. ஆனால் "பணம் கட்டியவனையும் வெளியே நிறுத்த முடியுமா?" என்ற கேள்வி, கணக்கைக் கிளவுடில் வைத்திருக்கும் சிறு நிறுவனங்கள் வரை வந்து சேர்ந்தது.

நீலகிரியில் உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு ஐரோப்பியத் தடை வரப்போவதில்லை. அங்கே கதவு சாத்தப்படுவது சாதாரணக் காரணங்களால்: புதுப்பிப்புக் கட்டணத்தில் தகராறு, மென்பொருள் நிறுவனம் கைமாறுவது, அல்லது அது மூடப்படுவது. அப்படி ஒரு நாள் வந்தால் கையில் என்ன இருக்கும் என்பதை, கோத்தகிரிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றைக் கற்பனையாக வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

## அடிப்படை: எது ஈ.ஆர்.பி., எது பிடி?

ஈ.ஆர்.பி. என்பது கொள்முதல், இருப்பு, உற்பத்தி, விற்பனை, சம்பளம், கணக்கு எல்லாவற்றையும் ஒரே தரவுத்தளத்தில் கட்டி நடத்தும் மென்பொருள். அது நம் அலுவலகக் கணினியில் இல்லாமல் விற்பனையாளரின் சர்வரில் ஓடி, நாம் பிரவுசர் வழியாக மாத அல்லது ஆண்டுச் சந்தாவுக்குப் பயன்படுத்தினால் அது கிளவுட் ஈ.ஆர்.பி.

நம் தொழிற்சாலை சுற்றுவட்டாரத்துச் சிறு விவசாயிகளிடமிருந்து பச்சை இலை வாங்குகிறது. 900 விவசாயிகள். நாளொன்றுக்குச் சராசரியாக 250 இலை ரசீதுகள், 10,000 கிலோ இலை. ஆண்டுக்கு 300 வேலை நாட்கள் என்றால் 75,000 ரசீதுகள். ஆறு ஆண்டுகளில் நாலரை லட்சம். ஒவ்வொரு ரசீதிலும் மொத்த எடை, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்த எடை, நிகர எடை இருக்கும். மாத முடிவில் அதற்கு ஒரு விலை போடப்படும். உரத்துக்கும் முன்பணத்துக்கும் பிடித்தம் போக மீதி விவசாயியின் வங்கிக் கணக்குக்குப் போகும். தேயிலை வாரியம் அந்த மாதத்துக்கான பச்சை இலைச் சராசரி விலையை அறிவித்ததும் வித்தியாசத்தை மறுபடி கணக்கிட வேண்டும்.

இந்தத் தொழிற்சாலைக்கு வேறு மென்பொருள் கிடைக்காமல் இல்லை. இருந்தும் மாற முடியவில்லை என்றால் அதுதான் பிடி. "வென்டார் லாக்-இன்" என்று மென்பொருள் துறையில் சொல்வது இதைத்தான். விற்பனையாளர் கட்டணத்தை உயர்த்தினால், மாறுவதற்கு ஆகும் செலவை அவரும் மனத்தில் கணக்குப் போட்டுத்தான் உயர்த்துகிறார். வெளியேற்றத் திட்டம் என்பது அந்தச் செலவை முன்கூட்டியே குறைத்து வைக்கும் வேலை. விலகப் போவதில்லை என்றாலும் இது பயன்படும். விலக முடியும் என்று தெரிந்த வாடிக்கையாளரிடம் பேரம் வேறு மாதிரி நடக்கும்.

## "தரவு உங்களுக்கே சொந்தம்" என்ற வரி எவ்வளவு தூரம் வரும்?

ஏறக்குறைய எல்லா ஒப்பந்தங்களிலும் இந்த வரி இருக்கிறது. படிக்க இதமாக இருக்கும். ஆனால் சொந்தம் என்பதும் கையில் கொடுப்பது என்பதும் வேறு வேறு. அடகுக் கடையில் உள்ள நகையும் நமக்குச் சொந்தமானதுதான். எதை, எந்த வடிவில், எத்தனை நாட்களுக்குள், என்ன விலைக்குத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்லவில்லை என்றால், அந்த வரியை வைத்துக்கொண்டு நீதிமன்றப் படியேறலாம். திங்கட்கிழமை பட்டுவாடாவை நடத்த முடியாது.

சட்டம் இந்த இடைவெளியை நிரப்புமா என்றால், இந்தியாவில் இப்போதைக்கு இல்லை. 2023ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தரவை வேறிடத்துக்கு எடுத்துச் செல்லும் உரிமை இடம்பெறவில்லை. 2019 மசோதாவில் அது இருந்தது. இருந்திருந்தாலும் அது தனிமனிதர்களின் சொந்தத் தரவுக்கானது. ஒரு தொழிற்சாலையின் இலைக் கணக்குக்கு அது பொருந்தியிருக்காது.

ஐரோப்பாவில் நிலைமை வேறு. அங்கே 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்த தரவுச் சட்டம், கிளவுட் சேவையை மாற்ற விரும்பும் வாடிக்கையாளரிடம் இரண்டு மாதத்துக்கு மேல் முன்னறிவிப்புக் கேட்கக் கூடாது என்கிறது. மாற்றத்தைப் பொதுவாக 30 நாளில் முடித்துத் தர வேண்டும். அதற்குப் பிறகும் குறைந்தது 30 நாள் தரவை எடுத்துக்கொள்ள வழி இருக்க வேண்டும். 2027 ஜனவரி 12 முதல் மாற்றத்துக்கென்று தனிக் கட்டணமே வாங்கக் கூடாது. இந்தச் சட்டம் கோத்தகிரிக்கு வராது. ஆனால் இதே கால அளவுகளை நம் ஒப்பந்தத்தில் கேட்கும்போது, "உலகத்தில் யாரும் இப்படிக் கேட்பதில்லை" என்று விற்பனையாளர் சொல்ல முடியாது.

சட்டம் நமக்கு உரிமை தரவில்லையே தவிர, கடமையைத் தாராளமாகத் தந்திருக்கிறது. தொழிற்சாலை ஒரு கம்பெனியாகப் பதிவாகியிருந்தால், 2013 கம்பெனிகள் சட்டத்தின் 128ஆவது பிரிவுப்படி எட்டு நிதியாண்டுக் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்ற தடம் பதிவாக வேண்டும். அதை அணைத்துவைக்க முடியாதபடி இருக்க வேண்டும். கணக்கின் காப்புப் பிரதி தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் சேர வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டம், ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் ஆவணங்களை வைத்திருக்கச் சொல்கிறது. இவை அனைத்தும் தொழிற்சாலையின் பொறுப்பு. விற்பனையாளரின் சர்வர் அணைந்துவிட்டது என்பது தணிக்கையாளரிடம் சொல்லத்தக்க பதில் இல்லை.

கூட்டாண்மை நிறுவனத்துக்குக் கம்பெனிச் சட்ட விதிகள் பொருந்தாது, ஜி.எஸ்.டி. விதி பொருந்தும். நீலகிரியில் இரண்டு வகைத் தொழிற்சாலைகளும் உண்டு என்பதால் முதலில் தாம் எந்த வகை என்று பார்த்துக்கொள்வது நல்லது.

## ஏற்றுமதிக் கோப்பில் என்ன இருக்கிறது, என்ன இல்லை

"எக்ஸ்போர்ட் பொத்தான் இருக்கிறதே" என்பதுதான் பெரும்பாலான மேலாளர்களின் பதில். இருக்கிறது. அது தருவது பெரும்பாலும் திரையில் தெரியும் அறிக்கையின் நகல். அதற்கும் தரவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே ரசீதை வைத்துப் பார்க்கலாம். பொத்தானை அழுத்தினால் வருவது இப்படி இருக்கும்:

```
Date,Grower,Weight,Amount
03-06-2025,417,42,798
```

புதிய மென்பொருளில் ஏற்றுவதற்கு வேண்டியது இப்படி:

```
receipt_id,receipt_date,grower_id,gross_kg,deduct_kg,net_kg,rate_plan_id
88213,2025-06-03,00417,45.0,3.0,42.0,12
```

முதல் கோப்பில் 42 கிலோவும் 798 ரூபாயும் இருக்கின்றன. சாக்குக்கும் ஈரத்துக்கும் 3 கிலோ கழித்தது இல்லை. அந்த 798 எந்த விலைத் திட்டத்தின்படி வந்தது என்பதும் இல்லை. வாரியத்தின் சராசரி விலை வந்ததும் வித்தியாசம் போட வேண்டுமானால், இந்த ரசீதுக்கு முதலில் கிலோவுக்கு 19 ரூபாய் போட்டோம் என்பதும், அது தற்காலிக விலை என்பதும் தெரிய வேண்டும். ரசீது எண்ணே இல்லாததால், "என் இலையில் மூன்று கிலோ ஏன் குறைத்தீர்கள்?" என்று விவசாயி கேட்டு வந்தால் எடுத்துக் காட்ட ஒன்றும் இருக்காது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விவசாயி எண் 00417 என்பது 417 ஆகிவிட்டது. சி.எஸ்.வி. கோப்பை எக்செலில் நேரடியாகத் திறந்தால் முன்னால் உள்ள பூஜ்ஜியங்கள் உதிர்ந்துவிடும். வங்கிக் கணக்கு எண்ணில் இது இன்னும் மோசம். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் எண்ணைத் துல்லியமாக வைத்துக்கொள்ளாது. 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தைச் சத்தமில்லாமல் பூஜ்ஜியமாக்கிவிடும். அப்படியே சேமித்துப் புதிய மென்பொருளில் ஏற்றினால், முதல் பட்டுவாடாவில் பணம் திரும்பி வரும். அல்லது வேறு யாருக்கோ போகும். கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், தரவை இறக்கும் வழியில் போய் அந்தப் பத்திகளை எழுத்து வகை என்று குறித்துத் திறக்க வேண்டும்.

தமிழ்ப் பெயர்களுக்குத் தனிச் சோதனை உண்டு. பழைய மென்பொருளிலிருந்து வந்த பெயர்கள் யூனிகோடில் இல்லாமல் பாமினி போன்ற எழுத்துருக் குறியேற்றத்தில் கிடக்கலாம். அங்கே "தேயிலை" என்ற சொல் தரவுத்தளத்தில் உண்மையில் இப்படித்தான் இருக்கிறது:

```
Njapiy
```

பழைய திரையில் அந்த எழுத்துரு இருந்ததால் அது தமிழாகத் தெரிந்தது. புதிய இடத்தில் 900 பெயர்களும் இப்படி நிற்கும். மாற்றித் தரும் கருவிகள் இருக்கின்றன. மாற்ற வேண்டும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இவற்றுக்கு அப்பால், பொத்தான் தொடாத மூன்று பொருட்கள் இருக்கின்றன.

1. இணைப்புகள். விவசாயியின் பாஸ்புக் நகல், நில ஆவணம், கையெழுத்திட்ட முன்பணச் சீட்டு ஆகியவற்றின் ஸ்கேன்கள். எந்தப் படம் எந்த விவசாயிக்கு உரியது என்ற பட்டியலோடு வந்தால்தான் பயன். `IMG_20210614.jpg` என்ற பெயரில் பல்லாயிரம் படங்கள் ஒரே உறையில் வந்தால் அது குப்பை.

2. திருத்தத் தடம். சட்டம் கேட்கும் இதே பதிவுதான் ஏற்றுமதியில் பெரும்பாலும் விடுபடுகிறது. புதிய மென்பொருள் இதை ஏற்றுக்கொள்ளாது, ஏற்கவும் தேவையில்லை. தனிக் கோப்பாக, படிக்கும் வடிவில், தணிக்கையாளரிடம் காட்டும்படி வைத்திருந்தால் போதும்.

3. விதிகள். ஈரத்துக்கு எத்தனை சதவீதம் கழிப்பது, முன்பணத்தை எத்தனை தவணையில் பிடிப்பது, எந்த மாதத்தில் எந்த விலைத் திட்டம் என்பவை. இவை திரைகளில் சிதறிக் கிடக்கும் அமைப்புகள். ஆறு ஆண்டுகளுக்கு முன் நிறுவியவர் போட்டது. அவர் இப்போது வேறு வேலையில் இருப்பார். என் கணிப்பில் உண்மையான பிடி இங்கேதான் இருக்கிறது. தரவைத் திருப்பி வாங்கிவிடலாம். அந்தத் தரவு ரூபாயாக மாறிய கணக்கு முறை எங்கும் எழுதப்படாமல் இருந்தால், புதிய மென்பொருளில் அதே இலைக்கு வேறு தொகை வரும்.

விற்பனையாளரிடம் "முழுத் தரவுத்தளப் பிரதி கொடுங்கள்" என்று கேட்டால் என்ன என்று தோன்றலாம். தனி சர்வரில் ஓடினால் கிடைக்கும். ஆனால் பல கிளவுட் ஈ.ஆர்.பி.களில் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள் ஒரே தரவுத்தளத்தைப் பகிர்கிறார்கள். ஒவ்வொரு வரியிலும் வாடிக்கையாளர் எண் மட்டும் வேறு. அங்கே நம் பகுதியைப் பிரித்தெடுக்க விற்பனையாளர் தனியாக நிரல் எழுத வேண்டும். "முடியாது" என்று அவர் சொல்வது எப்போதும் சாக்குப்போக்கு இல்லை. அதனால்தான் இதைக் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டும்.

## ஒப்பந்தத்தில் தேட வேண்டிய வரிகள்

இருபது பக்க ஒப்பந்தத்தில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லிச் சிறு வாடிக்கையாளர் போராட முடியாது. ஐந்து இடங்களில் மட்டும் விடாப்பிடியாக நிற்கலாம். அவற்றில் முதலாவதே மிக முக்கியமானது. பெரும்பாலோர் பார்க்காமல் கடந்துவிடுவதும் அதுதான்.

1. இடைநிறுத்தம். ஒப்பந்தங்களில் "முடிவு" என்பதும் "இடைநிறுத்தம்" என்பதும் தனித்தனி. முடிவுக்குப் பின் 30 நாள் தரவை எடுத்துக்கொள்ளலாம் என்று தெளிவாக எழுதியிருக்கும். கட்டணம் பாக்கி இருந்தால் சேவையை இடைநிறுத்தலாம் என்று வேறொரு பக்கத்தில் இருக்கும். இடைநிறுத்தத்தின்போது ஒப்பந்தம் முடியவில்லை. ஆகவே தரவை எடுக்கும் உரிமை தொடங்கவே இல்லை. உள்ளே போகவும் முடியாது. நம் தொழிற்சாலைக்கு, ஒப்புக்கொள்ளாத கூடுதல் பயனர் கட்டணமாக 1,40,000 ரூபாய்க்கு பில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மறுத்து மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். பதினைந்தாம் நாள் திரை பூட்டப்படுகிறது. பட்டுவாடாவுக்கு நான்கு நாள் இருக்கிறது. 900 குடும்பங்கள் காத்திருக்கும்போது யாரும் வழக்குப் போட மாட்டார்கள், பணத்தைக் கட்டுவார்கள். எனவே வாசகத்தின் பொருள் இப்படி இருக்க வேண்டும்: "எழுத்து மூலம் மறுக்கப்பட்ட தொகைக்காகச் சேவையை இடைநிறுத்தக் கூடாது. வேறு எந்தக் காரணத்துக்காக இடைநிறுத்தினாலும், தரவைப் படிப்பதற்கும் பதிவிறக்குவதற்குமான அனுமதி தொடரும். நிலுவையைக் காரணம் காட்டித் தரவைப் பிடித்து வைக்கக் கூடாது."

2. தரவு என்பதன் விளக்கம். "வாடிக்கையாளர் பதிவு செய்த தகவல்" என்று மட்டும் இருந்தால், மென்பொருள் கணக்கிட்டு உண்டாக்கிய இருப்பு, விலை வித்தியாசம், திருத்தத் தடம் ஆகியவை அதற்குள் வருமா என்பது வாதத்துக்குரியது. பதிவு செய்தவை, அவற்றிலிருந்து பெறப்பட்டவை, இணைப்புகள், திருத்தத் தடம், வாடிக்கையாளருக்காகச் செய்த அமைப்புகளின் பட்டியல் என்று எண்ணி எழுத வேண்டும்.

3. வடிவமும் விளக்கமும். பி.டி.எஃப். கோப்பும் ஏற்றுமதிதான் என்று வாதிட இடம் தரக் கூடாது. யூனிகோடில் சி.எஸ்.வி. அல்லது அதற்கு இணையான, கணினி படிக்கும் வடிவம். அட்டவணைகளுக்கு இடையிலான தொடர்பு எண்களோடு. ஒவ்வொரு பத்தியும் என்ன என்று சொல்லும் குறிப்போடு.

4. காலமும் விலையும். ஒப்பந்தக் காலத்தில் எப்போது வேண்டுமானாலும் கட்டணமின்றி ஏற்றுமதி; முடிந்தபின் 60 நாள் படிக்கும் அனுமதி; விற்பனையாளரின் ஆட்கள் உதவ வேண்டுமானால் ஒரு ஆள்-நாளுக்கு எவ்வளவு என்று இன்றைக்கே ஒரு தொகை. விலகும் நாளில் கேட்டால் அந்தத் தொகை எங்கே போய் நிற்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

5. தானாகப் புதுப்பித்தல். முடிவுத் தேதிக்கு 90 நாளுக்கு முன் எழுதித் தராவிட்டால் ஒப்பந்தம் இன்னும் மூன்று ஆண்டு ஓடும் என்பது போன்ற வரி. அதோடு புதுப்பிப்பில் கட்டணம் எவ்வளவு உயரலாம் என்பதற்கு உச்சவரம்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வழக்கு எந்த ஊரில் என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். பெங்களூரு என்றிருந்தால் அதை உதகைக்கு மாற்றுவது கடினம், கோவைக்கு ஒப்புக்கொள்ளலாம்.

ஒப்பந்தம் யாருடன் என்பது இதைவிடப் பெரிய கேள்வி. கோவையில் உள்ள டீலர் மென்பொருளை நிறுவித் தருகிறார். மென்பொருள் வேறொரு நிறுவனத்துடையது. அது மும்பையில் உள்ள பெரிய கிளவுட் நிறுவனத்தின் சர்வரில் ஓடுகிறது. தொழிற்சாலை கையெழுத்துப் போட்டது டீலரோடு மட்டும் என்றால், மேலே சொன்ன ஐந்து வரிகளையும் அவர் ஒப்புக்கொண்டும் பயனில்லை. சாவி அவரிடம் இல்லை. மென்பொருள் நிறுவனமும் கையெழுத்திட்ட ஒரு பக்க உறுதிக் கடிதமாவது வேண்டும்.

அந்த நிறுவனமே நொடித்துப்போனால் எந்த வரியும் பெரிதாக உதவாது. 2013இல் பிரிட்டனில் 2இ2 என்ற தகவல் தொழில்நுட்ப நிறுவனம் திவால் நிர்வாகத்துக்குப் போனபோது, தரவு மையத்தை ஓட்டிக்கொண்டிருக்க வாடிக்கையாளர்களிடமே பணம் கேட்டார்கள் நிர்வாகிகள். இதற்கு ஒரே மருந்து, நம் பெயரில் நாம் பணம் கட்டும் தனிச் சேமிப்பிடத்துக்கு வாரந்தோறும் தானாக வந்து விழும் ஏற்றுமதி. மென்பொருளின் மூல நிரலை மூன்றாம் நபரிடம் காப்பில் வைக்கும் ஏற்பாட்டைச் சிலர் பரிந்துரைப்பதுண்டு. சிறு தொழிற்சாலைக்கு அது வீண் செலவு. நிரல் கிடைத்தாலும் அதை ஓட்ட ஆளில்லை.

## ஒத்திகை: ஒரு மாதத்தை வெளியே எடுத்துப் பார்ப்பது

ஏற்றுமதி சரியாக வருகிறதா என்பதை ஒரு மாதத் தரவை வைத்துச் சோதித்துவிடலாம். 2025 ஜூன் மாதத்தை எடுத்துக்கொள்வோம்.

1. திரையில் அந்த மாத அறிக்கையைத் திறந்து நான்கு எண்களைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்: ரசீதுகளின் எண்ணிக்கை, நிகர எடை, கொடுத்த தொகை, மாத இறுதியில் பாக்கி உள்ள விவசாயிகளின் எண்ணிக்கை.

2. அதே மாதத்தை ஏற்றுமதி செய்து, கோப்பிலிருந்து அதே நான்கு எண்களைக் கூட்ட வேண்டும்.

3. இரண்டும் பொருந்தாவிட்டால் காரணம் தெரியும்வரை நகரக் கூடாது.

நம் தொழிற்சாலையின் திரையில் 2,51,870 கிலோ என்று இருக்கிறது. கோப்பில் கூட்டினால் 2,47,310 கிலோதான். 4,560 கிலோ காணவில்லை. முதலில் ரத்து செய்த ரசீதுகளின் மீது சந்தேகம் வரும். அவை இரண்டு பக்கமும் இல்லை. அடுத்து எடையைத் தேதிவாரியாகப் பிரித்து ஒப்பிட்டால், குறைவு ஒரே நாளில் இல்லாமல் மாதம் முழுக்கப் பரவியிருக்கிறது. ஆகவே ஏதோ ஒரு நாளின் பதிவு விடுபடவில்லை. விவசாயிவாரியாகப் பிரித்தால் பதினெட்டுப் பேர் கோப்பில் அறவே இல்லை. அவர்கள் ஜூனுக்குப் பிறகு இலை போடுவதை நிறுத்தியவர்கள். மென்பொருளில் "செயலில் இல்லை" என்று குறிக்கப்பட்டவர்கள். ஏற்றுமதி அறிக்கை இன்று செயலில் உள்ள விவசாயிகளை மட்டும் எடுக்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பதினெட்டுப் பேரில் யாருக்காவது விலை வித்தியாசம் பாக்கி இருந்தால், மாற்றத்தோடு அந்தக் கடனும் காற்றில் போயிருக்கும்.

எண்கள் பொருந்தியபின் ஐந்து விவசாயிகளைக் கண்மூடித் தேர்ந்தெடுத்து, அவர்கள் கையில் உள்ள இலைப் புத்தகத்தோடு கோப்பை ஒப்பிட வேண்டும். கூட்டுத்தொகை சரியாக இருந்தும் தனித்தனி வரிகள் இடம் மாறியிருக்கலாம். அதைப் பிடிப்பது இந்த ஒப்பீடு மட்டும்தான்.

கடைசியாகக் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். இணைப்புகள் மொத்தம் 60 ஜி.பி. என்றால், விநாடிக்கு 10 மெகாபிட் இணைய வேகத்தில் தடையே இல்லாமல் ஓடினாலும் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். மழைக்காலத்தில் மலையில் இணையம் தடையில்லாமல் ஓடாது. விட்ட இடத்திலிருந்து தொடரும் பதிவிறக்க வசதி இல்லையென்றால் 59ஆவது ஜி.பி.யில் மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரும். வன்தட்டில் போட்டுக் கூரியரில் அனுப்புங்கள் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம்.

## தேதிகள்

தேயிலைக்கு ஒரு பருவ ஒழுங்கு இருப்பது இங்கே உதவுகிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரையும், செப்டம்பர் முதல் நவம்பர் வரையும் இலை குவியும். பனிக்காலமான ஜனவரி, பிப்ரவரியில் வரத்து மிகக் குறைவு. நிதியாண்டு ஏப்ரல் 1 அன்று பிறக்கிறது. ஆகவே மாறுவதென்றால் பனிக்காலத்தில் இரண்டு மென்பொருளையும் இணையாக ஓட்டி, ஏப்ரல் 1 அன்று புதியதில் நிற்பதுதான் இயல்பான வழி.

மார்ச் 31 அன்று ஒப்பந்தம் முடிகிறது, 90 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றால், கடிதம் டிசம்பர் 31க்குள் விற்பனையாளரிடம் சேர்ந்திருக்க வேண்டும். அதற்கு முன் ஒத்திகை முடிந்திருக்க வேண்டும். அதை நவம்பர் வரத்து நெரிசலில் செய்ய ஆள் இருக்காது. எனவே ஒத்திகைக்கு உரிய மாதங்கள் ஜூலையும் ஆகஸ்டும்தான். ஒப்பந்தம் அக்டோபரில் முடியும்படி கையெழுத்திட்டுவிட்ட தொழிற்சாலை, அடுத்த புதுப்பிப்பில் ஐந்தாறு மாதத்துக்குக் குறுகிய நீட்டிப்பை வாங்கி முடிவுத் தேதியை மார்ச்சுக்கு நகர்த்திக்கொள்வது, கட்டணத்தில் தள்ளுபடி வாங்குவதைவிட லாபம்.

இணையாக ஓட்டும் மாதங்களில் ஒரு சிக்கல் உண்டு. மார்ச் இலைக்கான இறுதி விலை ஏப்ரலில்தான் தெரியும். பழைய மென்பொருளின் படிக்கும் அனுமதி மார்ச் 31 அன்றே முடிந்தால், அந்த வித்தியாசத்தைக் கணக்கிட மார்ச் ரசீதுகள் ஒவ்வொன்றும் புதிய இடத்தில் இருந்தாக வேண்டும். தொடக்க இருப்பாக ஒரே தொகையை ஏற்றியிருந்தால் போதாது. 60 நாள் என்று மேலே கேட்டதற்கு இதுவும் காரணம்.

அந்த 60 நாளின் முடிவில் விற்பனையாளர் தரவை அழித்துவிட்டதாகச் சான்று தருவார். அதற்கு முன் நம்மிடம் சம்மதக் கையெழுத்துக் கேட்பார். விவசாயிகளின் வங்கி விவரங்கள் அங்கே கிடக்காமல் அழிவது அவசியம்தான். ஆனால் தணிக்கையாளர் தம் கணினியில் திருத்தத் தடக் கோப்பைத் திறந்து, 2023 ஏப்ரலிலிருந்து ஏதேனும் ஒரு வவுச்சரின் திருத்த வரலாற்றைத் தேடி எடுத்துப் பார்த்தபின் அந்தக் கையெழுத்தைப் போடலாம்.